உஹ்ரிகத்: ஓர் அரபுக் கட்டுரையும் எங்கள் ஊர் நூலகமும்

நாங்கள் மூன்று பேர். கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் அரபு வகுப்புக்குப் போகிறோம். ஒருத்தர் கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அரபு சரளமாகக் கதைப்பார், எழுதச் சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிடுவார். இன்னொருத்தர் ஏ.எல்லுக்கு அரபு எடுத்தவர். இலக்கணம் தெரியும், கதைக்க வாய் வராது. மூன்றாவது ஆள் இரண்டும் அரைகுறை. இந்தக் கட்டுரையை மூன்று பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். அதனால் இதில் "நாங்கள்" என்று வருகிற இடமெல்லாம் மூன்று பேருடைய பிழைகளும் கலந்திருக்கும்.

நாங்கள் இருப்பது நடுத்தர வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கிற கட்டம் முடிந்துவிட்டது. பந்தி பந்தியாக எழுதுகிற கட்டம் இன்னும் சரியாக வரவில்லை. இந்தக் கட்டத்தில் உஸ்தாத் ஒரு வேலை தந்தார். நூறு சொல்லளவில் ஒரு "மகாலா இக்னாஇய்யா", அதாவது வாசிக்கிறவரை எங்கள் பக்கம் இணங்கவைக்கிற கட்டுரை. தலைப்பு: "ஹல் மா ஸில்னா நஹ்தாஜு இலல் மக்தபதில் ஆம்மா?" பொது நூலகம் எங்களுக்கு இன்னும் தேவைதானா?

தலைப்பைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் ஊர் நூலகம் கொஞ்ச நாளாகப் பின்னேரம் ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது. ரியூசன் முடிந்து பிள்ளைகள் வரும்போது கேற்றில் பூட்டுத் தொங்கும். ஏன் என்று கேட்டால் "ஆள் வாறேல்ல" என்பார்கள். ஆள் வருகிற நேரத்தில் பூட்டிவிட்டு ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது?

(ஒரு சின்னக் குறிப்பு. இங்கே அரபைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஐன், ஹா, ஸாத் போன்ற எழுத்துகளின் வேறுபாடு தமிழில் முழுதாக வராது. படிக்கிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் கொப்பியில் அரபு எழுத்தில் எழுதிப் பாருங்கள்.)

முதல் கொப்பி

முதல் முறை நாங்கள் எழுதிக்கொண்டு போனது இரண்டு பக்கம். நூலகம் அறிவின் களஞ்சியம், புத்தகம் நல்ல நண்பன், வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று எல்லாம் இருந்தது. உஸ்தாத் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"இத ஆருக்கு எழுதினீங்க மகன்?"

"உங்களுக்குத்தான் உஸ்தாத்."

"நான் நூலகம் வேணாம் எண்டு எப்ப சொன்னன்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒருத்தரை இணங்கவைக்கப் போகிறோம் என்றால் இணங்காத ஒருத்தர் முதலில் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி ஒருத்தர் இல்லை. எல்லாரும் தலையாட்டுகிற விஷயத்தை இன்னொருதரம் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு அவர் கரும்பலகையில் ஐந்து கோடு போட்டார். முதல் கோட்டில், மறுத்துப் பேசுகிற ஆள் என்ன சொல்கிறார் என்பது. இரண்டாவதில் எங்கள் நிலைப்பாடு, ஒரே வாக்கியத்தில். மூன்றாவதில் காரணங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். நாலாவதில் மறுப்பவருடைய மிகப் பலமான கேள்வியும் அதற்கு எங்கள் பதிலும். ஐந்தாவதில் நாங்கள் கேட்பது என்ன என்பது. அரபில் முகத்திமா, அர்ழ், காதிமா என்று மூன்றாகச் சொல்வார்கள்: முன்னுரை, உடல், முடிவுரை. முதல் இரண்டு கோடும் முகத்திமாவுக்குள் போகும், அடுத்த இரண்டும் அர்ழுக்குள், கடைசிக் கோடு காதிமா.

கடைசிக் கோட்டைத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தோம். "நூலகத்தைப் பாதுகாப்போம்" என்று முடித்திருந்தோம். உஸ்தாத் சொன்னார்: "வாசிச்சவர் நாளைக்குக் காலையில என்ன செய்யோணும்? அத எழுதுங்க." அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பாதுகாப்போம் என்று சொன்னால் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. "இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள்" என்றால் யாரோ ஒருவர் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும்.

"என்று" எங்கே நிற்கிறது?

திட்டம் சரி. எழுத இருந்தபோது முதல் வாக்கியத்திலேயே தடுக்கி விழுந்தோம். "நூலகம் பழைய இடம் என்று பலர் நினைக்கிறார்கள்." தமிழில் சொல்லவந்த விஷயம் முழுவதும் முதலில் வரும், பிறகு "என்று" வரும், கடைசியில் வினை வரும். அரபில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். நினைக்கிறார்கள் முதலில், அதற்குப் பிறகு "அன்ன", கடைசியில் விஷயம். எங்கள் "என்று" வாக்கியத்தின் பின்வாசலில் நிற்கிறது, அவர்களுடைய "அன்ன" முன்வாசலில் நிற்கிறது.

இது தெரிந்த பிறகும் நாங்கள் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. "அன்ன"வுக்குப் பிறகு உடனே வினையைப் போட்டோம். "அன்ன துஸாஇதுல் மக்தபது" என்று. அரபு வாக்கியம் வினையில் தொடங்கும் என்று படித்திருந்தோம், அதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் "அன்ன"வுக்குப் பக்கத்தில் பெயர்ச்சொல் அல்லது அதற்குரிய பிரதிப்பெயர் வர வேண்டும். அந்தப் பெயரின் முடிவும் மாறும்: "அல் மக்தபது" என்பது "அல் மக்தபத" ஆகும். ஆகவே சரியான வடிவம் "அன்னல் மக்தபத துஸாஇது". பிழை பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு "அன்ன"வுக்கும் கீழே கோடு போடுங்கள். கோட்டுக்கு அடுத்த சொல் வினையாக இருந்தால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். "லிஅன்ன" (ஏனென்றால்), "லாகின்ன" (ஆனால்) இரண்டும் இதே குடும்பம், அவற்றுக்கும் இதே சட்டம்.

இன்னொரு நுணுக்கம். "சொன்னார்" என்ற வினைக்குப் பிறகு வருவது "அன்ன" அல்ல, "இன்ன". நினைத்தார் என்றால் "அன்ன", சொன்னார் என்றால் "இன்ன". ஏ.எல்லுக்கு அரபு எடுத்தவரே இதில் மூன்று இடத்தில் பிழை விட்டார்.

எங்களுக்குச் சுலபமாக வந்த ஒரு இடமும் உண்டு. அரபில் பகுத்தறிவில்லாத பொருட்களின் பன்மைக்குப் பெண்பால் ஒருமைதான் போடுவார்கள். "அல் குதுபு காலியதுன்", புத்தகங்கள் விலைகூட. குதுபு பன்மை, காலியதுன் ஒருமை. இங்கிலிஷ் மூலமாக அரபு படிக்கிறவர்கள் இதில் குழம்புவார்கள். எங்களுக்கு உயர்திணை, அஃறிணை என்று சின்ன வயதிலேயே சொல்லித்தந்திருக்கிறார்கள். வீட்டில் "புத்தகங்கள் மேசையில இருக்கு" என்றுதான் கதைக்கிறோம், "இருக்கின்றன" என்று யார் கதைக்கிறார்கள்? பிள்ளைகள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கு. அந்தக் காதோடு அரபுக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கட்டார் அரபும் கொப்பி அரபும்

கட்டாரில் இருந்து வந்தவருடைய கொப்பியில் வேறு விதமான பிரச்சினை. அவருடைய வாதங்கள்தான் எங்கள் மூவரிலும் நல்லவை. ஆனால் வாக்கியங்களை ஒட்டியிருந்த சொற்கள் எல்லாம் வேலைத்தளத்தில் கேட்டவை. "பஸ்" (ஆனால்), "அஷான்" (அதுக்காக), "லாஸிம்" (கட்டாயம்). உஸ்தாத் எதையும் பிழை என்று வெட்டவில்லை. "இது வாய்க்குச் சரி தம்பி, தாளுக்கு வேற சட்டை போடோணும்" என்றார்.

இது எங்களுக்குப் புதிதல்ல. "எண்டபடியால்" என்று கதைக்கிறோம், "ஆகையால்" என்று எழுதுகிறோம். ஆனால் ஒரு சட்டைக்கு ஒரு சட்டை என்று மாற்ற முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். "அஷான்" என்ற ஒரு சொல் பேச்சில் இரண்டு வேலை செய்கிறது. "பணமில்லை, அதனால்" என்று காரணமும் சொல்லும், "படிப்பதற்காக" என்று நோக்கமும் சொல்லும். எழுத்து அரபில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். காரணம் என்றால் "லிஅன்ன", பிறகு பெயர்ச்சொல். நோக்கம் என்றால் "லிகய்", பிறகு வினை. அவர் எல்லா "அஷான்"களையும் "லிஅன்ன" என்று மாற்றிக்கொண்டு வந்தார். அதில் பாதி வாக்கியங்கள் உடைந்துபோயின. எந்த "அஷான்" எது என்று அறிய அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: அந்த இடத்தில் தமிழில் "ஏனென்றால்" போட்டுப் பார்ப்பது. பொருந்தினால் லிஅன்ன. "அதற்காக" பொருந்தினால் லிகய்.

"பஸ்" என்பது "லாகின்ன" ஆகும், அடுத்து பெயர். "லாஸிம்" என்பது "யஜிபு அன்" ஆகும், அடுத்து வினை. இந்த "அன்" வேறு, மேலே சொன்ன "அன்ன" வேறு. "அன்"னுக்குப் பிறகு வினை, "அன்ன"வுக்குப் பிறகு பெயர். கேட்க ஒரே மாதிரி இருக்கும், செய்கிற வேலை வேறு.

எதற்கு எந்தச் சொல்

இணைப்புச் சொற்களுக்கு அரபில் "அதவாதுர் ரப்த்" என்பார்கள். புத்தகங்களின் பின்பக்கத்தில் நாற்பது ஐம்பது என்று பட்டியல் இருக்கும். நாங்களும் மனனம் பண்ணினோம். மனனம் பண்ணியதால் எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் போட ஆசை வந்தது. கடைசியில் வாதத்தைவிட இணைப்புச் சொற்கள் கூடிவிட்டன. நூறு சொல்லுக்கு ஏழு எட்டு போதும். நாங்கள் வைத்துக்கொண்டவை இவை:

- யளுன்னு கஸீருன் மினன் நாஸி அன்ன: பலர் நினைக்கிறார்கள். மறுப்பவரை மேடைக்குக் கூப்பிட.
- அம்மா நஹ்னு ஃபநரா அன்ன: நாங்களோ இப்படிக் கருதுகிறோம். "அம்மா" வந்தால் பின்னால் "ஃப" வந்தே ஆக வேண்டும், அதை மறந்தால் வாக்கியம் ஒரு காலில் நிற்கும்.
- அவ்வலன்: முதலாவதாக.
- இலாவதன் அலா தாலிக: அதற்கும் மேலாக.
- வத்தலீலு அலா தாலிக அன்ன: அதற்கு ஆதாரம் இதுதான்.
- கத் யகூலு காஇலுன் இன்ன: யாராவது இப்படிச் சொல்லலாம். சொல்லுதல் என்பதால் இங்கே "இன்ன".
- ஸஹீஹுன் அன்ன ... லாகின்ன: இது உண்மைதான், ஆனால்.
- லிதாலிக: ஆகவே.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கடைசிக்கு முந்தியது, "ஸஹீஹுன் அன்ன". மறுப்பவர் சொல்வதில் எது உண்மையோ அதை முதலில் ஒத்துக்கொள்கிற சொல் அது. முதல் கொப்பியில் "ஃபோனில் எல்லாம் இருக்கு என்று சொல்கிறவர்கள் அறியாதவர்கள்" என்று எழுதியிருந்தோம். அறியாதவர் என்று சொன்ன பிறகு அவர் ஏன் எங்கள் அடுத்த வரியை வாசிக்கப் போகிறார்? உண்மையில் ஃபோனில் நிறையத்தான் இருக்கிறது. நாங்களே ஃபோனில்தான் அகராதி பார்க்கிறோம். அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் ஃபோனில் என்ன இல்லை என்று யோசித்தோம். கதிரை இல்லை, வெளிச்சம் இல்லை, அமைதி இல்லை. இந்த வாதம் "ஸஹீஹுன் அன்ன" என்று எழுதியிராவிட்டால் எங்களுக்கு வந்தே இருக்காது.

எரிந்ததா, எரிக்கப்பட்டதா?

ஆதாரம் என்ற இடத்துக்கு மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். யாழ்ப்பாண நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் போயின. நாங்கள் பிறக்க எவ்வளவோ முந்தி நடந்தது. ஆனாலும் நூலகம் என்று சொன்னால் இந்த நாட்டில் தமிழ் பேசுகிற யாருக்கும் அதுதான் நினைவு வரும். முதல் கொப்பியில் அதற்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தோம்.

உஸ்தாத் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒரு சொல்லில் பேனையை வைத்தார். "இஹ்தரகத்."

நாங்கள் எழுதியிருந்தது "இஹ்தரகத் மக்தபது ஜாஃப்னா". அகராதியில் எரி என்று தேடினோம், அது வந்தது, போட்டோம். அவர் கேட்டார்: "மகள், தமிழில சொல்லுங்க. எரிஞ்சதா, எரிச்சாங்களா?"

"எரிச்சாங்க."

"அப்ப ஏன் எரிஞ்சது எண்டு எழுதியிருக்கீங்க?"

அரபில் ஹ, ர, க என்ற மூன்று எழுத்து வேரில் இருந்து இரண்டு வினையும் வருகிறது. "இஹ்தரக" என்றால் எரிந்தது, தீப்பற்றியது. அதில் யாரும் இல்லை. மின்சாரக் கோளாறாகவும் இருக்கலாம், அணைக்காமல் விட்ட விளக்காகவும் இருக்கலாம். "அஹ்ரக" என்றால் ஒருவர் எரித்தார். செய்தவர் பெயரைச் சொல்லாமல் விட வேண்டுமென்றால் உயிர்க்குறியை மட்டும் மாற்றி "உஹ்ரிக" என்பார்கள், எரிக்கப்பட்டது. பெயர் இல்லை, ஆனால் ஒரு கை இருக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரியும். மக்தபா பெண்பால், அதனால் "உஹ்ரிகத்". உயிர்க்குறி போடாத தாளில் "அஹ்ரகத்" என்பதும் "உஹ்ரிகத்" என்பதும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே முதல் எழுத்துக்கு மேலே அந்தச் சின்ன ழம்மாவைப் போட்டே ஆக வேண்டும்.

தமிழிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. "நூலகம் எரிந்தது" என்று எத்தனை இடத்தில் வாசித்திருக்கிறோம், நாங்களே எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! காதில் படவே இல்லை. இன்னொரு மொழியில் எழுதப் போய்த்தான் எங்கள் மொழியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று விளங்கியது. அன்றைக்கு வகுப்பில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகு உஸ்தாத் இன்னொன்றும் சொன்னார். இது மனதைத் தொடுகிற விஷயம், ஆனால் மனதைத் தொடுவதால் மட்டும் ஆதாரம் ஆகாது. எரிக்கப்பட்டது என்பது நூலகம் தேவை என்பதற்கு ஆதாரமா? எரித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரிந்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். எங்கள் தலைப்புக் கேட்பது, மக்களுக்கு அது தேவையா என்பதை. அதற்கு ஆதாரம் அடுத்த பாதியில் இருக்கிறது: அது திரும்பக் கட்டப்பட்டது. தேவையில்லாத ஒன்றை யாரும் சாம்பலில் இருந்து திரும்பக் கட்டமாட்டார்கள்.

இந்த இரண்டு பாதியையும் எந்தச் சொல்லால் ஒட்டுவது? அரபில் "வ", "ஃப", "ஸும்ம" என்று மூன்று உண்டு. "வ" என்பது உம், வெறும் சேர்ப்பு. "ஃப" என்பது உடனே, அதன் விளைவாக. "ஸும்ம" என்றால் இடையில் காலம் போனது, பிறகு. யாழ்ப்பாணத்துக்கு "ஃப" போட முடியாது. "ஸும்ம" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடம் இருக்கிறது என்று நாங்கள் கட்டுரையில் எழுதவில்லை. சொல்லே அதைச் சொல்லிவிட்டது. முக்கால் பக்கம் ஒரு வரியானது.

கடைசிக் கொப்பி

நாலாவது தரம் எழுதியது இது. பந்திக்குப் பந்தி தமிழும் தந்திருக்கிறோம்.

*யளுன்னு கஸீருன் மினன் நாஸி அன்னல் மக்தபதல் ஆம்மத மகானுன் கதீமுன் லா ஃபாஇதத மின்ஹு ஃபீ ஸமனில் ஹாதிஃப். அம்மா நஹ்னு ஃபநரா அன்ன மதீனதனா தஹ்தாஜு இலைஹல் யவ்ம அக்ஸர மின் கப்ல், வஅன்ன அப்வாபஹா யஜிபு அன் தப்கா மஃப்தூஹதன் ஃபில் மஸா.*

பொது நூலகம் பழைய இடம், ஃபோன் காலத்தில் அதனால் பயன் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களோ, எங்கள் ஊருக்கு அது முன்னரைவிட இன்று கூடத் தேவை என்றும், அதன் கதவுகள் மாலையிலும் திறந்திருக்க வேண்டும் என்றும் கருதுகிறோம்.

*அவ்வலன், துஃதில் மக்தபதுத் தாலிப மகானன் ஹாதிஅன், லிஅன்ன புயூதன் கஸீரதன் லைஸ ஃபீஹா குர்ஃபதுன் லித்திராஸா.*

முதலாவதாக, நூலகம் மாணவருக்கு அமைதியான இடம் தருகிறது, ஏனென்றால் பல வீடுகளில் படிக்க ஓர் அறை இல்லை.

*இலாவதன் அலா தாலிக, ஃபஇன்னல் குதுப காலியதுன், வல் மக்தபது தஷ்தரீ கிதாபன் வாஹிதன் ஃபயக்ரஉஹு மிஅது காரிஃ. வத்தலீலு அலா ஹாஜதின் நாஸி இலைஹா அன்ன மக்தபத ஜாஃப்னா உஹ்ரிகத் ஆம 1981 ஸும்ம புனியத் மின் ஜதீத்.*

அதற்கும் மேலாக, புத்தகங்கள் விலைகூட. நூலகம் ஒரு புத்தகம் வாங்கினால் அதை நூறு பேர் வாசிக்கிறார்கள். மக்களுக்கு அது தேவை என்பதற்கு ஆதாரம், யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது என்பதே.

*கத் யகூலு காஇலுன் இன்ன குல்ல ஷைஇன் மவ்ஜூதுன் ஃபில் ஹாதிஃப். ஸஹீஹுன் அன்ன ஃபில் ஹாதிஃபி மஃலூமாதின் கஸீரதன், லாகின்னல் ஹாதிஃப லா யுஃதித் தாலிப குர்ஸிய்யன் வலா ழவ்அன் வலா ஹுதூஅன்.*

எல்லாம் ஃபோனில் இருக்கிறது என்று யாராவது சொல்லலாம். ஃபோனில் நிறையத் தகவல் இருப்பது உண்மைதான், ஆனால் ஃபோன் மாணவருக்கு ஒரு கதிரையையோ வெளிச்சத்தையோ அமைதியையோ தருவதில்லை.

*லிதாலிக நத்ஊ இலா ஃபத்ஹில் மக்தபதி ஹத்தஸ் ஸாஅதிஸ் ஸாமினதி மஸாஅன்.*

ஆகவே நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கும்படி கேட்கிறோம்.

முதல் பந்தியில் "அல் மக்தபா" என்று மட்டும் எழுதாமல் "ஆம்மா" சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. மக்தபா என்றால் புத்தகக் கடையும்தான். "ஆம்மா" இல்லாவிட்டால், நாங்கள் கடையை எட்டு மணிவரை திறக்கச் சொல்கிறோம் என்று ஒருவர் நினைக்கலாம். நாலாவது பந்தியில் "ஸஹீஹுன் அன்ன"வுக்குப் பிறகு "ஃபில் ஹாதிஃபி" இடையில் புகுந்திருக்கிறது. அப்படி வரலாம். ஆனால் "அன்ன"வுக்குரிய பெயர் பின்னால் வருகிற "மஃலூமாதின்"தான், முடிவு அதிலேதான் மாறுகிறது.

குறையும் இருக்கிறது. "பல வீடுகளில் அறை இல்லை" என்று எழுதியிருக்கிறோம், எத்தனை வீடு என்று யாராவது கேட்டால் எங்களிடம் கணக்கு இல்லை. எங்கள் மூன்று வீட்டைத்தான் தெரியும். அதில் இரண்டில் அறை இல்லை. ஒன்றில் வாப்பா டிவி பார்த்து முடிக்கும் வரை காத்திருந்து, இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில்தான் ஏ.எல் படித்து முடிந்தது. அதை எழுதியிருக்கலாம். நூறு சொல்லுக்குள் இடம் இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் எழுத வெட்கமாக இருந்தது.

உஸ்தாத் இந்த முறை இரண்டு இடத்தில் மட்டும் திருத்திவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார். "இனி இத வாசிக்க வேண்டியவருக்கு அரபு தெரியாதே" என்றார். அவர் பகிடியாகச் சொன்னாரோ தெரியாது. நாங்கள் அன்றிரவே அதே ஐந்து கோட்டைப் போட்டு, அதே வரிசையில், தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். மறுப்பவர் முதலில், "ஆள் வாறேல்ல" என்ற அவருடைய சொல்லோடு. ஆம், பகலில் ஆட்கள் குறைவுதான் என்று ஒத்துக்கொண்டோம். கடைசி வரியில் எட்டு மணி. இந்த முறை சாப்பாட்டு மேசையையும் எழுதினோம்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். வாங்கினவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி, ஒரு பிரதியைத் திருப்பித் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. கேற் இன்னும் ஐந்து மணிக்குத்தான் பூட்டப்படுகிறது. அடுத்த கிழமை திரும்பப் போய்க் கேட்கப் போகிறோம்.